கடைமடைக்கும் தண்ணி போகணும் மாப்ள

உன் காகிதத்தைப் படிச்சேன் மாப்ள. ரெண்டு தடவை படிச்சேன். மொதத் தடவை கண்ணாடி இல்லாம, ரெண்டாந் தடவை உங்க அத்தை கண்ணாடியைத் தேடிக் குடுத்தப்பறம். எழுத்தெல்லாம் முத்து முத்தாத்தான் இருக்கு. ‘நெறியாளர் உரை’ன்னு தலைப்புப் போட்டு அடியில ரெட்டைக்கோடு வேற இழுத்திருக்க. கல்லூரியில வேலைக்குச் சேந்து ஒரு வருசம் ஆகல, அதுக்குள்ள நாலு பேரை மேடையில உக்கார வச்சுக் கேள்வி கேக்குற சோலி உன் தலையில விழுந்திருக்கு. இம்புட்டுச் சிரத்தையா எழுதினதுக்கே உனக்கொரு பொன்னாடை போத்தலாம். பொன்னாடையில ஒரு சங்கடம் இருக்கு, அதுக்குப் பெறகு வர்றேன்.

அந்த நாலு பேருல நானும் ஒருத்தன்னு உங்க ஆத்தா சொல்லித்தான் தெரியும். காகிதத்துல பாத்தேன். பேராசிரியருக்குப் பதினோரு வரி, ஓய்வுபெற்ற இஞ்சினியருக்கு எட்டு வரி, எனக்கு ‘மூத்த விவசாயி’. அம்புட்டுத்தான். மூத்ததுக்கு நான் என்ன செஞ்சேன், அது தானா நடந்தது. மகளிர் குழு அம்மாவுக்கு அதுவுமில்ல, ‘மற்றும் ஒருவர்’னு போட்டிருக்க. எனக்குக் கோவமில்ல. ஆனா நீ கேட்டதால சொல்றேன், கேக்காட்டியும் சொல்லியிருப்பேன்.

நான் நம்ம கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியா இருந்தவன். மடையைத் தெறந்து, இன்னார் வயலுக்கு இம்புட்டு நேரம்னு தண்ணி முறை விட்டு, அடைச்சு, அடுத்தவனுக்குத் திருப்புறதுதான் சோலி. நெறியாளர்னு நீ பெருசாப் பேரு வச்சிருக்கியே, அந்த வேலைக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம், எனக்குக் காலுல சேறு, உனக்குக் காலுல பூட்ஸு. தலைமடைக்காரன் எப்பவும் என்ன சொல்லுவான் தெரியுமா? ‘இன்னும் கொஞ்சம், வரப்பு முட்டலப்பா.’ அவன் பொய் சொல்லல, அவன் வயலு இன்னும் முட்டாமத்தான் இருக்கும். அதைக் கேட்டுக்கிட்டு நீ தயவு பாத்து நின்னா, அவன்கிட்டக் காட்டின தயவுக்குக் கடைமடைக்காரன் பயிரு காயும். மேடையிலயும் அப்படித்தான். மொத ஆளு கூடுதலா எடுக்குற அஞ்சு நிமிஷத்தை நீ உன் பையில இருந்து குடுக்கல. கடைசி ஆளு பையில இருந்து எடுத்துக் குடுக்குற. உன் பட்டியல்ல கடைசி யாருன்னா, அந்த ‘மற்றும் ஒருவர்’.

மொதல்ல கணக்கைப் பாப்போம். பத்தரையில இருந்து பதினொன்னே முக்கால் வரைக்கும் உனக்கு நேரம். 75 நிமிஷம். நீ என்ன செஞ்சிருக்க, நாலு பேருக்கும் கூட்டத்துக்குமா அஞ்சு பங்கு போட்டு, ஆளுக்கு 15 நிமிஷம்னு எழுதிட்ட. கணக்கு வாத்தியாரு கேட்டா மார்க்கு போடுவாரு. ஆனா கண்மாயில தண்ணி பத்தடி நிக்குதுன்னா பத்தடியும் வயலுக்கு வராது மாப்ள. சேறு குடிக்கும், வெயிலு குடிக்கும், வாய்க்கா குடிக்கும்.

உன் 75 நிமிஷத்தை எது எது குடிக்கும்னு பாரு. தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு நிமிஷம். அதை 55 வினாடியில பாடணும்னு 2021ல அரசே சொல்லிருச்சு. தமிழ்த்தாய்க்கே 55 வினாடின்னு இருக்கையில உங்க பேராசிரியருக்கு எதுக்குய்யா 15 நிமிஷம்? அப்பறம் வரவேற்புரை அஞ்சு நிமிஷம். அடுத்தது நான் சொன்ன பொன்னாடை. ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம்னு வையி: மடிப்பைப் பிரிக்கணும், போத்தணும், போட்டோக்காரன் ‘இங்க பாருங்க சார்’ம்பான், சரியா விழலைன்னு திரும்பப் போத்தச் சொல்லுவான். உன்னையும் சேத்து அஞ்சு பேருக்கு அஞ்சு நிமிஷம். கூட்டம் வந்து உக்காந்து, மைக்கு கீச்சுன்னு கத்தி அடங்க நாலு. ஆக 15 போச்சு. மிச்சம் 60, ஆரம்பம் பத்தே முக்கால்.

அந்த அறுபதுல நீ தொறந்து வைக்க 3 நிமிஷம், முடிச்சு வைக்க 2, கூட்டத்துக்காரங்க கேள்விக்கு 15. இப்ப நாப்பதுதான் மிச்சம். நீ அறிமுகம் சொல்ற நேரம், கேள்வி கேக்குற நேரம், மைக்கைக் கை மாத்துற நேரம் இதையெல்லாம் கணக்குலயே சேக்கல பாரு, அதுக்கு எட்டு. எடுத்துட்டா 32. நாலு பேரு, ஆளுக்கு எட்டு நிமிஷம். அதையும் ஒரே மொத்தமாக் குடுத்தா பிரசங்கமாப் போயிரும். மூணு தவணையாக் குடு: மொதச் சுத்துல மூணு, ரெண்டாஞ் சுத்துல மூணு, கடைசியில ரெண்டு.

இதைக் காகிதத்துல எழுதும்போது ‘3 நிமிடம்’னு எழுதாத. கடியார நேரத்தை எழுது. ஓரத்துல செவப்பு மையில, பெருசா: 10.48 மொதச் சுத்து ஆரம்பம், 11.04 ரெண்டாஞ் சுத்து, 11.20 கூட்டத்துக் கேள்வி, 11.35 கடைசிச் சுத்து, 11.43 நன்றி, 11.45 எந்திரி. மேடையில உக்காந்து ஒருத்தர் பேசுறதைக் கேட்டுக்கிட்டே மனசுக்குள்ள கூட்டல் கழித்தல் போட எவனாலயும் ஆகாது. கடியாரத்தைப் பாத்தா, காகிதத்தைப் பாத்தா, முந்தியா பிந்தியான்னு ஒரே பார்வையில தெரியணும். நாங்க நிழலைக் காலடியால அளந்த ஆளுக. நிழலு அந்தக் கல்லைத் தொட்டா மடையை அடைன்னு இருக்கும். கூட்டல் கெடையாது.

அடுத்தது உன் தலைப்பு. ‘கண்மாய்கள்: நேற்று, இன்று, நாளை’. முக்காலத்தையும் முக்கா மணி நேரத்துல முடிக்கிற ஆளு ஜோசியக்காரன் மட்டுந்தான். தலைப்பு அகலமா இருந்தா ஆளாளுக்கு ஒரு தெசையில போவாங்க. தமிழ்நாட்டுல 39 ஆயிரம் ஏரி கண்மாயி இருக்குன்னு சொல்லுவாங்க. உன் பேராசிரியரு அந்த 39 ஆயிரத்தையும் எண்ண ஆரம்பிச்சிருவாரு. ‘தூர்வாரின கண்மாயில ஏன் தண்ணி நிக்கல?’ன்னு வையி. அது ஒரு கேள்வி. நாலு பேருக்கும் அதுக்கு நாலு விதமான பதில் இருக்கு.

இப்ப அறிமுகத்துக்கு வர்றேன். பேராசிரியர் தன் சரித்திரத்தை அவரே அனுப்பி வச்சிருப்பாரு, நீ அப்படியே ஒட்டிட்ட. எந்த வருசம் எங்க படிச்சாரு, எத்தனை கட்டுரை எழுதினாரு, எந்தெந்த நாட்டுக்குப் போனாரு எல்லாம் இருக்கு. கண்மாய்க்குள்ள எறங்கினாரான்னு மட்டும் இல்ல. அறிமுகம்கிறது கூட்டத்துல உக்காந்திருக்கவன் மனசுல இருக்குற ஒரே சந்தேகத்துக்குப் பதிலு: ‘இந்த விசயத்துல இவரு பேச்சை நான் ஏன் கேக்கணும்?’ அதுக்கு ஐம்பது சொல்லுப் போதும். சத்தம் போட்டு நிறுத்தி நிதானமாப் படிச்சா அரை நிமிஷம் வரும். எனக்கும் ஐம்பது, அவருக்கும் ஐம்பது. ஒருத்தருக்குப் பதினோரு வரி, ஒருத்தருக்கு ஒரு வரின்னா, கூட்டம் பேச்சைக் கேக்குறதுக்கு முன்னாலயே யாரு பெரிய ஆளு, யாரு ஒப்புக்கு வந்த ஆளுன்னு முடிவு கட்டிரும்.

அம்மாவுக்கு இப்படி எழுதிப் பாரு: ‘நூறு நாள் வேலையில் இந்தக் கண்மாய்க்குள் நின்று மண் வெட்டியவர் இவர். கூட வேலை பார்த்த பெண்களின் குழுவுக்குத் தலைவி. எந்த இடத்தில் எத்தனை அடி வெட்டினார்கள் என்பதை ஏட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர். அம்மா, வணக்கம். வெட்டின மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டினீங்க?’ பாத்தியா, அறிமுகம் நேரா கேள்விக்குள்ள போய் எறங்குது. நாலு பேரையும் வரிசையா அறிமுகப்படுத்திட்டு, அப்பறம் மொதக் கேள்விக்கு வந்தா, நாலாவது ஆளு யாருன்னு கூட்டம் மறந்தே போயிருக்கும். தொடக்கத்துல பேரை மட்டும் சொல்லிக் கை காட்டு. அவங்கவங்க முறை வர்றப்ப ஐம்பது சொல்லு.

எழுதினதை மொத நாளு சாயங்காலம் அவங்கவங்களுக்குப் போன்ல படிச்சுக் காட்டிரு. பேரோட முதலெழுத்து தப்பா இருக்கும், வேலை மாறியிருக்கும். இதை மேடையில திருத்தினா அவருக்கும் கூச்சம், உனக்கும் கூச்சம். அப்பறம் அவரு தன் அறிமுகத்தை அவரே திரும்பச் சொல்ல ஆரம்பிச்சிருவாரு, மூணு நிமிஷம் காலி. இன்னொன்னு, ஆம்பளைக்கு ‘அவர்கள்’ போட்டுட்டுப் பொம்பளைக்கு வெறும் பேரைச் சொல்லாத. அவங்க வீட்டுக்காரர் பேரையும் இழுக்காத. கண்மாயில எறங்கினது அவரா?

வரிசைக்கு வா. பதவி வாரியா அடுக்கியிருக்க: பேராசிரியர், இஞ்சினியர், நானு, அம்மா. கலியாணப் பந்தியில அப்படி உக்கார வைக்கலாம். இங்க கதை வரிசையா வரணும். மொதல்ல என்ன வெட்டினாங்க? அது அம்மா. வெட்டின பெறகு வயலுக்குத் தண்ணி வந்துச்சா? அது நானு. வரலைன்னா ஏன் வரல, வரத்துக்கால் அடைஞ்சு கெடக்கா, கலுங்கு ஒடைஞ்சு கெடக்கா? அது இஞ்சினியர். இது நம்மூர்ல மட்டுமா, பக்கத்துக் கண்மாயிலயும் இப்படித்தானா? அது பேராசிரியர். கடைசியில பேசுறதால அவருக்குக் கௌரவம் கொறையாது. மூணு பேரு சொன்னதை வச்சுப் பேசுறதுக்குத்தானே அம்புட்டுப் படிச்சிருக்காரு.

என்னை ரெண்டாவதா வச்சதுல சூது இருக்குன்னு நெனைக்காத. சரி, கொஞ்சம் இருக்கு. மொத ஆளு பேசுறப்ப பாதிப்பேரு நாற்காலியை இழுத்துக்கிட்டு இருப்பான், ரெண்டாவது ஆளைத்தான் சபை அமைதியாக் கேக்கும். ஆனா அம்மாவை மொதல்ல வைக்கிறதுக்கு வேற ஒரு காரணமும் இருக்கு, அதுதான் முக்கியம். மொத ஆளு எம்புட்டு நேரம் எடுக்குறாரோ அதுதான் அன்னைக்கு அளவு. அவரு மூணு நிமிஷத்துல நிறுத்தினா மத்தவங்க தானா ஒதுங்கி நிப்பாங்க. அவரு ஏழு நிமிஷம் போனா, ரெண்டாவது ஆளு ‘எனக்கும் ஏழு உண்டுல்ல’ன்னு மனசுக்குள்ள எழுதிக்குவாரு. அதனால கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுற ஆளை மொதல்ல போடு. அந்தம்மா கூலிக் கணக்குக் கேட்டுப் பழகினவங்க. அளவாத்தான் பேசுவாங்க.

ரெண்டாஞ் சுத்துக்கு அதே வரிசை வேண்டாம். மூணாவது ஆளுல ஆரம்பி. இஞ்சினியர், பேராசிரியர், அப்பறம் அம்மா, அப்பறம் நானு. தலைமடையில ஒருக்கா ஆரம்பிச்சா, மறு முறை நடுமடையில ஆரம்பி. முழுசாத் தலைகீழாத் திருப்பினா பேராசிரியரு அடுத்தடுத்து ரெண்டு முறை பேச வேண்டியிருக்கும், அப்ப அவருக்கு அடைப்பே இருக்காது.

கேள்விக்கும் ஒரு அடைப்புப் பலகை வேணும். ‘கண்மாய்கள் குறித்துத் தங்கள் கருத்து என்ன?’ன்னு எழுதியிருக்க. இது கேள்வி இல்லப்பா, உடைப்பு. இதைக் கேட்டா இஞ்சினியரு கரிகாலன் கல்லணை கட்டினதுல ஆரம்பிப்பாரு. அங்க இருந்து 1895க்கு வந்து பென்னி குயிக்கோட பெரியாத்து அணையில எளைப்பாறுவாரு. 1959ல வைகை அணைக்கு வர்றப்ப உன் கடியாரம் 11.04 காட்டும். இன்னும் நம்ம மாவட்டத்துக்குள்ளயே அவரு நுழைஞ்சிருக்க மாட்டாரு. அவரை நிறுத்த வழி தேடுறதைவிட, ஆரம்பிக்கிற எடத்தை நீயே காட்டிரு: ‘2017ல் குடிமராமத்து தொடங்கிய பிறகு நம் கண்மாயில் நடந்த வேலையில், விட்டுப்போன ஒரு வேலை எது?’ வருசம் கட்டியாச்சு, எடம் கட்டியாச்சு, ‘ஒரு வேலை’ன்னு எண்ணிக்கையும் கட்டியாச்சு. அவரால கரிகாலன்கிட்டப் போக முடியாது. போனாலும் கூட்டமே சிரிச்சுத் திரும்பக் கூட்டியாந்துரும்.

ஒரு கேள்விக்குள்ள மூணு கேள்வியைத் திணிக்காத. ‘ஏன் தூர் சேருகிறது, யார் பொறுப்பு, தீர்வு என்ன?’ன்னு கேட்டா, தனக்குச் சுகமானதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு, கஷ்டமானதை ஞாபகமில்லாத மாதிரி விட்டுருவாரு. நாலு பேரையும் ஒரே கேள்வி கேக்காத, ரெண்டாவது ஆளுல இருந்து எல்லாரும் ‘ஐயா சொன்னதையே நானும்’னு ஆரம்பிச்சு அதையே நீட்டுவாங்க. உன் பத்துக் கேள்வியில எது கட்டாயம், எதை விட்டாலும் குத்தமில்லைன்னு இப்பவே குறி போட்டு வையி. கட்டாயமானதைக் கடைசியில வைக்காத. நல்ல பண்டத்தைக் கடைசியில பரிமாறலாம்னு வச்சிருப்ப, பந்தி எந்திரிச்சிரும்.

நேரத்துக்கு நிறுத்துறதுதான் உன்னை ராத்திரி தூங்க விடாம அடிக்குதுன்னு உங்க ஆத்தா சொன்னா. அதுல பாதி வேலை மேடைக்கு வர்றதுக்கு முன்னாலயே முடியணும். ரெண்டு நாளைக்கு முன்னால ஒவ்வொருத்தருக்கும் போன் போடு. மொதக் கேள்வியைச் சொல்லிரு. ‘ஐயா, ஒரு பதிலுக்கு மூணு நிமிஷம். ஒரு பதில் முடியப்போற நேரத்துல முன் வரிசையில ஒரு பொண்ணு மஞ்ச அட்டை காட்டும், அப்ப ஒரு நிமிஷம் மிச்சம். செவப்புக் காட்டினா அந்த வாக்கியத்தோட நிறுத்திக்கிடணும். நிறுத்தலைன்னா நான் குறுக்க வருவேன், மன்னிச்சுக்கிடணும்’னு அப்பவே மன்னிப்பையும் வாங்கி வச்சிரு. தனியாச் சொன்னா ‘அதுக்கென்ன தம்பி’ம்பாங்க. அதையே நூறு பேருக்கு முன்னால சொன்னா, ‘நேத்துப் பொறந்த பய என்னை நிறுத்துறான்’னு ஆயிரும்.

அட்டை காட்டுற ஆளு எங்க உக்காரணும்? உன் பக்கத்துல இல்ல. பேசுறவங்க கண்ணு போற எடத்துல, முன் வரிசை நடுவுல. அட்டையில சின்ன எழுத்து வேணாம், நெறமே பேசும். நம்மூரு வழக்கமா ஒன்னு இருக்குல்ல, துண்டுச்சீட்டு, அதை மறந்துரு. சீட்டைக் குடுத்தா படிக்காம மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்குவாரு. ஏதோ கோரிக்கை மனுன்னு நெனைப்பு. கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்து ‘நேரமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள்’னு சபைக்கு வாசிச்சுக் காட்டி, கைதட்டு வாங்கி, அதுல இன்னும் அஞ்சு நிமிஷம் ஓட்டுவாரு.

மணி அடிக்கலாமான்னு கேக்குற. பட்டிமன்றத்துல அடிக்கலாம், அங்க அது வழக்கம், அடிக்கிறவரு நடுவரு, கடைசியில தீர்ப்பும் சொல்லப் போறாரு. நீ தீர்ப்புச் சொல்ற ஆளு இல்ல. நீ அடிச்சா அது பள்ளிக்கூடத்து மணி மாதிரி இருக்கும். நம்ம பக்கத்துக் காரைக்குடியில 1939ல சா. கணேசன் கம்பன் கழகத்தை ஆரம்பிச்சாரு. நேரந் தவறாததுக்கு அந்த விழாவுக்கு ஒரு பேரே உண்டு. ஆனா அந்தக் கண்டிப்பு வருசக்கணக்கா நடத்தி வாங்கின பேரு. உனக்கு இதுதான் மொத மேடை. அட்டையோட நில்லு.

அட்டையையும் பாக்காம ஓடுறவரை என்ன செய்யிறது? மூச்சைப் பாரு. எந்த மனுசனும் வாக்கியத்தை முடிச்சுட்டு மூச்சு எடுத்துத்தான் ஆகணும். அந்தச் சந்துல அவரு பேரைச் சொல்லிக் கூப்பிடு. பேரைக் கேட்டா எவனும் ஒரு கணம் நிப்பான், அது பொறந்ததுல இருந்து வந்த பழக்கம். நின்னதும் அவரு கடைசியாச் சொன்ன வார்த்தையையே பிடிச்சு அடுத்த ஆளுகிட்டக் குடு: ‘ஐயா, வரத்துக்கால் ஆக்கிரமிப்புன்னு சொன்னீங்களே, அந்த இடத்துல உங்களை ஒரு நொடி நிறுத்துறேன். பேராசிரியர் ஐயா, மத்த கண்மாய்கள்லயும் இதே கதைதானா?’ இதைச் சொல்லும்போதே உன் முகமும் உடம்பும் பேராசிரியர் பக்கம் திரும்பியிருக்கணும். இன்னும் அவரையே பாத்துக்கிட்டு இருந்தா, நீ கேட்டது அவரைத்தான்னு நெனைச்சுத் திரும்ப ஆரம்பிச்சிருவாரு. அவரு சொன்னதை வச்சே அடுத்த பேச்சு ஓடுறதால அவருக்கு வெட்டுப்பட்ட மாதிரித் தெரியாது, தன் தண்ணிதான் அடுத்த வயலுக்குப் போகுதுன்னு ஒரு சந்தோசம்.

‘முடிச்சுக்கலாமா ஐயா?’ன்னு கேக்காத. கேள்வி கேட்டா ‘இதோ, ஒரே ஒரு விசயம்’னு பதில் வரும். ‘அருமை ஐயா, அற்புதம்’னும் சொல்லாத, கைதட்டு கெளம்பும், கைதட்டைக் கேட்டு நிறுத்தினவரு யாரு? ‘இறுதியாக’ன்னு அவரு மொதத் தடவை சொன்னா நம்பாத, அது நடுவுல ஒரு எளைப்பாறல். ரெண்டாந் தடவை சொன்னா மைக்கைக் கையில எடுத்து வாய்க்கிட்டக் கொண்டு போ, பேசாத. மூணாந் தடவைக்கு இப்படிச் சொல்லு: ‘ஐயா சொல்ல வேண்டியது இன்னும் இருக்கு, பதினொன்னே முக்காலுக்கு அப்பறம் வெளியில டீ குடிச்சுக்கிட்டே கேட்டுக்கிடலாம். இப்ப அம்மாவோட நேரம்.’ ‘நேரமில்லை’ன்னா அது யாருக்கும் சொந்தமில்லாத சாக்கு. ‘அம்மாவோட நேரம்’னு சொன்னா, அடுத்தவன் பங்கை எடுக்குறோமேன்னு உறுத்தும். எல்லாத்துக்கும் மசியாத ஆளுக்கு ஆமா இல்லைன்னு பதில் வர்ற கேள்வியாப் போடு: ‘ஒரே வார்த்தையில சொல்லுங்கய்யா, அந்தக் கலுங்கைச் சரி பண்ணினா தண்ணி நிக்குமா நிக்காதா?’ ‘நிக்கும்’னதும் நன்றி சொல்லிரு.

இதுக்கெல்லாம் ஒரு ஏற்பாடு வேணும். மைக்கு யாருகிட்ட இருக்குன்னு பாரு. ஆளுக்கொன்னா மேசையில வச்சா, மடைக்கு மடை சாவி குடுத்த மாதிரி. மேடைக்குக் கையில பிடிக்கிற மைக்கு ரெண்டு போதும். ஒன்னு உனக்கு, ஒன்னு பேசுறவருக்கு. பேசி முடிஞ்சதும் அது உன் வழியாத்தான் அடுத்தவருக்குப் போகணும். கூட்டத்துக்குள்ள போற மைக்கை ஒரு மாணவன் கையிலயே வச்சிருக்கட்டும், கேக்குறவங்க வாய்க்கிட்ட நீட்டட்டும், கையில குடுக்கக் கூடாது. குடுத்தா அந்த மனுசன் ‘எனக்கு ஒரு கேள்வி இல்லை, ஒரு கருத்து’ம்பாரு. முன்கூட்டியே சொல்லிரு: ‘பேரு, ஊரு, ஒரே வாக்கியத்துல ஒரு கேள்வி, யாருக்குன்னு சொல்லுங்க.’ மொதக் கேள்வியைப் பின் வரிசையில இருந்து எடு. முன் வரிசையில உக்காந்திருக்கவங்களுக்கு மேடை ஏறாத வருத்தம் இருக்கும், அது கேள்வியாத்தான் வெளிய வரும்.

பெரிய மனுசர் ஒருத்தர் நடுவுல வந்து நுழைவாரு, எழுதி வச்சுக்கோ. அப்ப பேச்சை நிறுத்தாத. முன் வரிசையில ஒரு நாற்காலியைக் காலியா வச்சிருந்து, உங்க ஆபீஸ் ஆளை விட்டு உக்கார வையி. நீ மேடையில இருந்து ஒரு கும்பிடு, ஒரு வாக்கியம், அம்புட்டுத்தான். அவருக்குப் பொன்னாடை 11.45க்கு. ஆரம்பமே இருபது நிமிஷம் தாமதமாயிருச்சுன்னா, எல்லாத்தையும் கொஞ்சங் கொஞ்சம் நறுக்காத. அப்படி நறுக்கினா எல்லாரும் அரைவயிறு. ரெண்டாஞ் சுத்தை அப்படியே தூக்கிரு, அதுல 16 நிமிஷம் மிச்சம். மீதி நாலை உன் தொறப்புலயும் கூட்டத்துக் கேள்வியிலயும் எடு. அதுக்கு ஒரு தனிக் காகிதம் இன்னைக்கே எழுதி வையி, பஞ்சகாலக் காகிதம்னு. மேடையில உக்காந்து வெட்டினா கை நடுங்கும், கடைசி ஆளைத்தான் வெட்டுவ.

முடிக்கும்போது நாலு பேரு பேசினதையும் நீ தொகுத்துச் சொல்ல வேணாம். அவங்களே சொன்னதைவிட மட்டமாத்தான் வரும். ‘இன்னைக்கு இந்தச் சபை எடுத்துட்டுப் போக வேண்டிய ஒன்னு’ன்னு கடைசிச் சுத்துல அவங்ககிட்டயே கேட்டுரு. அம்மாவைக் கடைசியில பேச வையி. மொதல்ல அளவா ஆரம்பிச்சவங்களே கடைசி வார்த்தையையும் சொல்லட்டும்.

இப்ப என் விசயம். என் அறிமுகத்துல ‘மூத்த விவசாயி’யை அடிச்சுட்டு, ‘கடைமடையில் ரெண்டு ஏக்கர் நஞ்சை, நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர், போன வருசம் அறுப்பு இல்லை’ன்னு எழுது. கேள்வியை ‘எந்த மாசம் மடையில தண்ணி நின்னுச்சு?’ன்னு கேளு. நானு மூணு நிமிஷத்துல நிறுத்த மாட்டேன், உனக்கே தெரியும். இந்நேரம் எம்புட்டு நேரம் பேசியிருக்கேன்னு கடியாரத்தைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்க, பாத்துட்டேன். மஞ்சளும் செவப்பும் எனக்குச் சரிப்படாது, கண்ணு வேற மங்கல். முன் வரிசை நடுவுல உங்க அத்தையை உக்கார வையி. கையில அட்டையெல்லாம் குடுக்க வேணாம்.